வெப்பநிலைத் தாளும் சுத்தப்படுத்தல் பதிவும்: அறிகுறியைப் பார்த்துப் பிழை திருத்துவது

உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் எண்களை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். குளிர்ச்சி 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே, உறைநிலை மைனஸ் 18 என்று கேட்டவுடன் சொல்கிறார்கள். ஆனால் நிரப்பப்பட்ட ஒரு தாளை முன்னால் வைத்து, "இதில் என்ன கோளாறு, நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். தணிக்கையாளர் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். அவர் உணவகத்தில் இருப்பது சில மணி நேரம். நேற்று மதியம் அந்த ஃப்ரிட்ஜில் என்ன நடந்தது என்று அவர் பார்க்கவில்லை. பதிவேடு மட்டுமே அதைச் சொல்ல முடியும். ஆகவே அவர் அந்தப் பதிவேட்டை ஒரு சாட்சியை விசாரிப்பதுபோல விசாரிப்பார். எண் நல்லதா என்பதைவிட, அந்த எண் உண்மையா, எண் கெட்டபோது யார் என்ன செய்தார்கள் என்பதே அவருக்கு முக்கியம்.

கீழே உள்ளவை நாகர்கோவில், குளச்சல், கன்னியாகுமரிப் பக்கத்து உணவகங்களின் தாள்களில் காணக்கூடிய கோளாறுகள். தாளில் கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல்லி, அதன் காரணத்தையும் திருத்தத்தையும் பின்னால் சொல்கிறேன்.

அறிகுறி: மாதம் முழுவதும் ஒரே எண்

காலை 4, மதியம் 4, மாலை 4. மறுநாளும் அதே. மாதத்தின் எல்லாக் கட்டங்களிலும் 4 மட்டுமே இருக்கிறது.

ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரிட்ஜ் அப்படி இருக்காது. கம்ப்ரஸர் ஓடி நிற்கும்போது உள்ளே காற்றின் வெப்பம் ஏறி இறங்கும். பனி உருகுவதற்காக இயந்திரம் தானே நிற்கும் நேரத்தில் சற்று அதிகமாகவே ஏறும். சாப்பாட்டு நேரத்தில் கதவு ஓயாமல் திறக்கப்படும். நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாகக் கன்னியாகுமரிக்கு வரும் காலத்தில், காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் அந்த ஃப்ரிட்ஜ் ஒரே நிலையில் இருந்தது என்றால் நம்ப முடியாது. 3.6, 4.4, 4.9, 3.8 என்று அலையும் தாள்தான் உயிருள்ள தாள்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, யாரும் பார்க்காமலேயே எழுதுகிறார்கள். மற்றொன்று, பார்க்கிறார்கள், ஆனால் கதவின் மேல் இருக்கும் டிஸ்ப்ளேவில் இயந்திரத்துக்குக் கொடுத்து வைத்த இலக்கைப் பார்த்து எழுதுகிறார்கள். இலக்கு 4 என்று வைத்திருந்தால் அது எப்போதும் 4 என்றே காட்டும். இரண்டையும் பிரித்தறிய வழி எளிது. ஒரு தனித் தெர்மாமீட்டரை ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில், தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டிலுக்குள் வைத்து, ஒரு நாள் முழுவதும் டிஸ்ப்ளேவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டில் தண்ணீர் கதவு திறந்த உடனே துள்ளாது. உள்ளே இருக்கும் உணவின் நிலைக்கு அது நெருக்கமானது. இனி எழுத வேண்டியது அந்த எண்ணைத்தான், புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தோடு.

மதியம் 2 மணிக்கான கட்டம் முற்பகல் 11 மணிக்கே நிரப்பப்பட்டிருந்தால் வேறு சான்றே தேவையில்லை. தணிக்கையாளர் உள்ளே வந்ததும் முதலில் கடிகாரத்தையும் இன்றைய வரியையும்தான் பார்ப்பார். இன்றைய வரி பொய்யானால் பின்னால் இருக்கும் முப்பது நாள் வரிகளையும் அவர் நம்பமாட்டார்.

தெர்மாமீட்டரே தவறாக இருந்தால் நேர்மையாக எழுதியதும் வீண். அதைச் சோதிக்க, நொறுக்கிய ஐஸை ஒரு டம்ளரில் நிரப்பி, குடிநீர் ஊற்றிக் கலக்கி, சில நிமிடம் விட்டுக் கம்பியை நடுவில் நிறுத்துங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது. 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். இந்தச் சோதனைக்கு மீன் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளாதீர்கள். அதில் கடல் நீரும் உப்பும் கலந்திருக்கும். உப்பு கலந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகும், நல்ல தெர்மாமீட்டரும் கெட்டதாகத் தெரியும். சோதித்த நாளையும் காட்டிய எண்ணையும் எழுதி வையுங்கள்.

அறிகுறி: ஒரு வரியில் 9, பக்கத்துக் கட்டம் காலி

தேர்வில் நான் அதிகம் வலியுறுத்தச் சொல்வது இதைத்தான். "9.1" என்று எழுதியவர் நேர்மையானவர். அதற்காக அவரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் 4 என்று எழுதிவிடுவார். குறை இருப்பது எண்ணில் இல்லை, "திருத்த நடவடிக்கை" என்ற கட்டம் வெறுமையாக இருப்பதில்தான். எல்லை தாண்டியது தெரிந்தும் உணவு பரிமாறப்பட்டது என்றுதான் தணிக்கையாளர் அதை வாசிப்பார். அந்த வாசிப்பை மறுக்க உங்களிடம் எதுவும் இல்லை.

ஒரு கற்பனை உணவகத்தை எடுத்து முழுவதுமாகச் செய்து பார்ப்போம். நாகர்கோவிலில் ஓர் அசைவ உணவகம். காலையில் குளச்சலில் ஏலம் எடுத்து வந்த அயிலையைச் சுத்தம் செய்து மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். அதே ஃப்ரிட்ஜில் தயிரும், பிரிக்காத வெண்ணெய்ப் பொட்டலங்களும் இருக்கின்றன. தாளில் காலை 6 மணிக்கு 3.8, 10 மணிக்கு 4.2, மதியம் 2 மணிக்கு 9.1.

இரண்டு மணிக்கு 9.1 கண்ட உடனே முதல் வேலை, உணவின் வெப்பத்தை அளப்பது. கதவு இப்போதுதான் மூடப்பட்டிருந்தால் காற்று மட்டும் சூடாகி இருக்கலாம், மீன் இன்னும் 4 டிகிரியிலேயே இருக்கலாம். அப்படியானால் கதை வேறு. சுத்தம் செய்த கம்பியை இரண்டு மீன் பொட்டலங்களுக்கு நடுவில் நுழைத்து எண் நிலைபெறும்வரை காத்திருங்கள். நம் உதாரணத்தில் மீன் 8.4 காட்டுகிறது. அப்படியானால் கோளாறு உண்மையானது.

அடுத்தது நேரம். எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறது? இங்கேதான் பலரும் தங்களுக்குச் சாதகமாகக் கணக்குப் போடுகிறார்கள். சமையலறையில் விசாரித்தால் பதினொன்றரைக்கு மின்சாரம் நின்றது, ஒன்றேகாலுக்கு வந்தது என்கிறார்கள். ஜெனரேட்டர் ஓடியது, ஆனால் இந்த ஃப்ரிட்ஜ் அந்த லைனில் இல்லை. ஆக ஒன்றேமுக்கால் மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் தாள் அப்படிச் சொல்லவில்லை. நம்மிடம் இருக்கும் கடைசி நல்ல அளவு 10 மணிக்கு எடுத்தது. அதற்குப் பிறகு எப்போது 5 டிகிரியைத் தாண்டியது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் 10 மணியிலிருந்து 2 மணி வரை, நான்கு மணி நேரம். தேர்வில் "கடைசியாக உறுதி செய்யப்பட்ட அளவிலிருந்து" என்ற விடை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, உணவைப் பற்றிய முடிவு. இதைப் பொருளுக்குப் பொருள் தனியாக எடுக்க வேண்டும். அயிலை, சூரை, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர்ச்சி குறைந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒரு முறை உருவான ஹிஸ்டமின் பொரித்தாலும் கொதித்தாலும் மீண்டும் உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தோல் தடித்து, தலைவலியோடு வாடிக்கையாளர் வந்து நிற்பார். மீனின் மணத்தை வைத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்று மாஸ்டர் சொல்வது அவருடைய அனுபவத்துக்குக் குறைவில்லை, ஆனால் இந்த நச்சுக்கு மூக்கு சாட்சி அல்ல. அயிலையை அப்புறப்படுத்த வேண்டும். தயிர் புளிப்புள்ளது, அதில் கிருமி வளர்வது கடினம். 7 டிகிரி காட்டினால் வேறு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி அன்றே தீர்க்கலாம். பிரிக்காத வெண்ணெய்க்கு ஆபத்து இல்லை.

நான்காவது, இயந்திரம். இருக்கும் பொருள்களை மாற்றிவிட்டு, கதவைச் சாத்தி வைத்து, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மீண்டும் அளக்க வேண்டும். இறங்குகிறதா என்று தெரியாமல் "சரி செய்யப்பட்டது" என்று எழுதக்கூடாது. இறங்கவில்லை என்றால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் எளிதில் வந்துவிடும் இடத்தில் காற்று புகுகிறது. பின்பக்கக் கண்டென்சரில் தூசியும் எண்ணெய்ப் படலமும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் நடந்த பிறகு கட்டத்தில் எழுத வேண்டியது இப்படி இருக்கும்:

> 2.00 மணி, 9.1. மீனின் உள்வெப்பம் 8.4, தயிர் 7.0. கடைசி நல்ல அளவு 10.00 மணி. மின்வெட்டு 11.30–1.15, இந்த ஃப்ரிட்ஜ் ஜெனரேட்டர் லைனில் இல்லை. மசாலா அயிலை 3 கிலோ அப்புறப்படுத்தப்பட்டது, கழிவுப் பதிவேட்டில் எழுதப்பட்டது. தயிர், வெண்ணெய் 2-ஆம் ஃப்ரிட்ஜுக்கு மாற்றம், தயிர் இன்றே பயன்படுத்த. 3.00 மணி 5.8, 4.00 மணி 4.6. ஜெனரேட்டர் இணைப்புக்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லப்பட்டது, வெள்ளிக்குள். கையெழுத்து, நேரம்.

கட்டம் சிறியது, இவ்வளவு எழுத இடமில்லை என்பார்கள். தாளின் பின்பக்கத்தில் எழுதிவிட்டு, கட்டத்தில் "பின்பக்கம் பார்க்க" என்று குறித்தால் போதும்.

இந்தப் பதிவில் இரண்டு வகை வேலைகள் இருப்பதைக் கவனியுங்கள். மீனை அப்புறப்படுத்தியது இன்றைய பிரச்சினைக்கு. ஜெனரேட்டர் லைன் இணைப்பு, அது மறுபடி வராமல் இருப்பதற்கு. முதலாவது மட்டும் இருந்தால் அடுத்த மின்வெட்டிலும் இதே வரி வரும். ஒரே ஃப்ரிட்ஜில் ஒரே மாதத்தில் மூன்று முறை ஒரே காரணம் எழுதப்பட்டிருந்தால், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் தணிக்கையாளர் குறை எழுதுவார். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் நிற்கும் என்பது இங்கே எதிர்பாராத செய்தி அல்ல.

கழிவுப் பதிவேட்டைப் பற்றி ஒன்று. தணிக்கையாளர் அடுத்ததாகக் கேட்கப்போவது அதைத்தான். அதே தேதியில், அதே 3 கிலோ அங்கே இருக்க வேண்டும். மாலை பில்லில் அயிலை வறுவல் விற்றிருந்தால், புதிதாக வாங்கிய மீனுக்கான ரசீதும் இருக்க வேண்டும்.

அறிகுறி: இரவு 62, காலை 4, நடுவில் ஒன்றுமில்லை

மீதமான குழம்பையும் கோழிக் கறியையும் ஆற வைத்த பதிவு. இரவு 9 மணிக்கு 62, காலை 6 மணிக்கு 4. இரண்டு எண்களும் எல்லைக்குள்தான். ஆனால் தாள் தேறாது.

சூடான உணவைக் குளிர்ச்சிக்குக் கொண்டுபோகும்போது இந்தியாவின் உணவு ஆணையம் கேட்டரிங் ஆய்வுப் பட்டியலில் சொல்வது இது: 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு மேலும் இரண்டு மணி நேரத்துக்குள். சமைத்ததில் சாகாமல் தப்பிய சில பாக்டீரியாக்களின் வித்துகள் இந்த இறங்கு வழியில்தான் முளைத்துப் பெருகுகின்றன. ஒன்பது மணி நேர இடைவெளியில் இரண்டு அளவு மட்டும் இருந்தால், குழம்பு 40 டிகிரியில் ஐந்து மணி நேரம் கிடந்ததா, அரை மணி நேரம் கிடந்ததா என்று யாருக்கும் தெரியாது.

இதில் நம் ஊருக்கு உரிய ஒரு கோளாறு இருக்கிறது. சில தாள்களில் "11.00 மணி, 20 டிகிரி, வெளியே ஆற வைத்தது" என்று எழுதியிருக்கும். கடற்கரை ஊர்களில் ஒரு சமையலறையின் காற்று இரவிலும் 20 டிகிரிக்கு வராது. சுற்றியிருக்கும் காற்றைவிடக் குழம்பு குளிராது. அண்டாவை மேடையில் வைத்து, மூடியைத் திறந்து, ஃபேனைப் போட்டாலும் அது அறையின் வெப்பத்தில் வந்து நின்றுவிடும். ஆகவே அந்த வரியைப் படித்த உடனே அது எழுதப்பட்ட எண், அளக்கப்பட்ட எண் அல்ல என்று தெரிந்துவிடும்.

திருத்தம் சமையலறையில் தொடங்க வேண்டும், தாளில் அல்ல. அண்டாவிலிருந்து குழம்பை அகலமான ஆழமில்லாத தட்டுகளில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஊற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் தட்டை அமர்த்திக் கிளறிக்கொண்டே இருந்தால் 21-க்கு இறங்கும். பிறகு ஃப்ரிட்ஜ். எழுத வேண்டிய நேரங்கள் மூன்று: தொடக்கம், இரண்டு மணி நேரம் முடிந்தபோது, நான்கு மணி நேரம் முடிந்தபோது. 9.00-க்கு 60, 11.00-க்கு 19, 1.00-க்கு 4.8 என்றால் தேறியது. 11.00-க்கு 27 என்றால், அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். அப்புறப்படுத்தி, அப்படியே எழுதிவிடுங்கள். ஒரு மணிக்கு விழித்திருந்து அளக்க ஆள் இல்லாத உணவகம், இரவில் மீதத்தை ஆற வைத்துச் சேமிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது. குறைவாகச் சமைப்பது பதிவேட்டையும் குறைக்கும்.

அறிகுறி: டீப் ஃப்ரீசர் சுத்தம் செய்யப்பட்டது, வெப்பநிலைத் தாள் அசையவில்லை

சுத்தப்படுத்தல் பதிவில் வியாழன் மதியம் 3 மணி, "டீப் ஃப்ரீசர், பனி நீக்கிக் கழுவியது" என்று டிக். அதே வியாழன் மதியம் 3 மணிக்கு வெப்பநிலைத் தாளில் மைனஸ் 18.

பனி நீக்க வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். கழுவித் துடைத்து மீண்டும் ஓடவிட்டால் மைனஸ் 18-க்குத் திரும்ப நேரம் ஆகும். அன்றைய தாளில் ஒரு மேடு இருந்தே தீர வேண்டும். மேடு இல்லையென்றால் இரண்டில் ஒன்று பொய். தணிக்கையாளர்கள் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம். ஒரு தாளைப் பொய்யாக நிரப்புவது எளிது. ஒன்றோடொன்று பொருந்துமாறு இரண்டு தாள்களைப் பொய்யாக நிரப்புவது மிகக் கடினம்.

சரியான பதிவு இப்படி இருக்கும்: வெப்பநிலைத் தாளில் 3 மணிக்கு "சுத்தம் செய்ய நிறுத்தப்பட்டது, பொருள்கள் 2-ஆம் ஃப்ரீசரில், அங்கே மைனஸ் 18.5". பிறகு திரும்ப ஓடிய நேரமும், பொருள்களை உள்ளே வைக்கும் முன் எட்டிய அளவும். பூஜ்யத்துக்கு மேல் காட்டிய எண்ணுக்காக யாரும் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள், அங்கே உணவு இல்லை என்பது எழுதப்பட்டிருக்கிறது.

இதே முறையில் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிடுவார்கள். செவ்வாய் வார விடுமுறையில் இருந்தவரின் கையெழுத்து செவ்வாய்க்கிழமை வரியில் இருந்தால், அதற்குப் பதில் சொல்ல வழியில்லை.

அறிகுறி: டிக் இருக்கிறது, மருந்து தீரவில்லை

சுத்தப்படுத்தல் பதிவில் வெறும் டிக்கும் கையெழுத்தும் மட்டும் இருப்பது பொதுவான குறை. வெட்டும் பலகை சுத்தம் என்றால் எதைக் கொண்டு, எந்த அளவில் கலந்து, எவ்வளவு நேரம் விட்டு? சோப்பால் கழுவுவதும் கிருமி நீக்குவதும் இரண்டு வேலைகள். அழுக்கும் கொழுப்பும் மீதி இருந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்து வீணாகிவிடும், கிருமிக்கு மிஞ்சாது. ஆகவே முதலில் தேய்த்துக் கழுவி, அலசி, பிறகு குளோரின் தண்ணீர், பிறகு துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுவது என்ற வரிசை பதிவிலும் தெரிய வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் உணவகத்தின் நடைமுறைத் தாளில் பலகைக்கும் மேடைக்கும் பத்து லட்சத்தில் 100 பங்கு குளோரின் என்று எழுதியிருக்கிறது என்று கொள்வோம். வாங்கும் திரவத்தின் லேபிளில் குளோரின் 4 சதவீதம். 4 சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 40,000 பங்கு. 40,000-ஐ 100 ஆக்க 400 மடங்கு நீர்க்க வேண்டும். 10 லிட்டர் வாளிக்கு 10,000 மில்லியை 400-ஆல் வகுத்தால் 25 மில்லி. தாளில் "10 லிட்டருக்கு 25 மில்லி" என்று எழுதப்பட வேண்டும், "கொஞ்சம் ஊற்றியது" என்று அல்ல.

தாளின்படி ஒரு நாளைக்கு மூன்று வாளி. 75 மில்லி. முப்பது நாளைக்கு 2,250 மில்லி, அதாவது இரண்டேகால் லிட்டர். தணிக்கையாளர் ஸ்டோரில் இருக்கும் பாட்டிலையும் கொள்முதல் ரசீதையும் கேட்பார். இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு லிட்டர் பாட்டில் வாங்கியிருந்து, அதிலும் பாதி மீதி இருந்தால், அந்த இரண்டு மாதத்தின் நூற்றெண்பது டிக்குகளில் பெரும்பாலானவை கை வைக்காமல் போட்டவை என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கை மாதம் ஒரு முறை நீங்களே போட்டுப் பாருங்கள். பணியாளர்களைக் குற்றம் சாட்டுவதற்கு அல்ல. பெரும்பாலும் காரணம், அளவுக் கிண்ணம் இல்லை அல்லது பாட்டில் தீர்ந்ததை யாரும் சொல்லவில்லை என்பதாக இருக்கும்.

எதிர்மாறான கோளாறும் உண்டு. பாட்டில் சரியாகத் தீர்கிறது, ஆனால் சோதனைக் காகிதத்தை நனைத்தால் நிறம் வரவில்லை. குளோரின் திரவம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வீரியம் இழக்கும். அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலில் லேபிள் மட்டும்தான் 4 சதவீதம். சோதனைக் காகிதத்தின் அளவை எழுத ஒரு கட்டம் வைத்துவிட்டால் இது ஒரே நாளில் வெளியே வரும்.

அறிகுறி: விட்டுப்போன கட்டம், வெள்ளை மை, பென்சில்

விட்டுப்போனது விட்டுப்போனதுதான். மாலை 6 மணி அளவை 8 மணிக்கு நினைவுக்கு வந்தால், 6 மணிக் கட்டத்தில் "எடுக்கப்படவில்லை" என்று எழுதி, 8 மணி அளவை 8 மணி என்று நேரத்தோடு எழுதி, மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். தவறாக எழுதிய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, பழைய எண் படிக்கத் தெரியுமாறு விட்டு, பக்கத்தில் சரியானதையும் கையெழுத்தையும் இடுங்கள். வெள்ளை மை பூசினால் அடியில் இருந்தது 5 என்றாலும் 15 என்றே நினைப்பார்கள்.

எழுதியவரும் சரிபார்த்தவரும் ஒருவராக இருக்கக்கூடாது. மேற்பார்வையாளரின் கையெழுத்து மாதக் கடைசியில் ஒரே மூச்சில் முப்பது முறை விழுந்தால், மை ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் இருக்கும். அது பார்த்தவுடன் தெரியும்.

அறிகுறி: மாதிரித் தேர்வில் விடை தவறாக வருகிறது, நடைமுறை சரியாக இருக்கிறது

இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தாள்கள் பல நாடுகளைச் சேர்ந்தவை. சூடாக வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச வெப்பம் பிரிட்டனில் 63, அமெரிக்காவில் 57. நம் ஆய்வுப் பட்டியலில் சைவத்துக்கு 65, அசைவத்துக்கு 70. மீண்டும் சூடாக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரியில் குறைந்தது இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். வெந்நீர் சேர்த்தோ, வெந்நீர்த் தொட்டியில் வைத்தோ சூடாக்கியது கணக்கில் வராது. உணவு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சியில் உங்களுக்குக் கொடுத்த கையேட்டின் எண்களையே விடையாக எழுதுங்கள், அதே எண்களையே தாளின் தலைப்பிலும் அச்சிடுங்கள். எல்லை எது என்று தலைப்பில் இல்லாத தாளில், 6.2 என்று எழுதிய பணியாளருக்கு அது தவறு என்று தெரிய வழியே இல்லை.

"பதிவேடு எதற்கு?" என்று நேராகக் கேட்கும் கேள்விக்கு, "ஆய்வாளர் கேட்பார்" என்பது விடை அல்ல. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, வழக்கு வந்தால் உரிய கவனம் எடுத்துக்கொண்டதை எதிர்வாதமாக முன்வைக்க இடம் தருகிறது. அந்தக் கவனத்தை எடுத்ததற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம், மேலே எழுதிய அந்த 9.1 வரி போன்றவைதான். எல்லாம் 4 என்று இருக்கும் தாள் அங்கே உதவாது.

பதிவுகளை ஓர் ஆண்டு, அல்லது பொருளின் பயன்பாட்டுக் காலம் அதைவிட அதிகமானால் அந்தக் காலம் வரை, வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் சமையலறைச் சுவரில் தொங்கும் தாள் ஈரத்தில் மை கலங்கிவிடும். பந்துமுனைப் பேனாவால் எழுதி, மாதம் முடிந்ததும் பிளாஸ்டிக் உறையிட்டு, அலுவலக அலமாரியில் மாத வரிசையில் அடுக்கி வையுங்கள். "ஆகஸ்ட் மாதத் தாளைக் காட்டுங்கள்" என்றால் தேடாமல் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும்.